ஒரே அறிவித்தல், மூன்று கெப்ஷன்: புட்டு மா ஒன்றை வைத்து ஒரு விளக்கம்

கொழும்பில் சின்னதாக வியாபாரம் செய்கிறவர்களின் பக்கங்களைப் பார்த்தால் ஒரு பழக்கம் கண்ணில் படும். கடைக்குப் புதுப் பொருள் வருகிறது. ஒரு அறிவித்தல் எழுதுகிறார்கள். அதையே ரீலுக்குக் கீழே ஒட்டுகிறார்கள், படங்களுக்குக் கீழே ஒட்டுகிறார்கள், லிங்க்ட்இன்னிலும் ஒட்டுகிறார்கள். நீளம் கூடிவிட்டது போலத் தோன்றினால் வாலை வெட்டிவிடுகிறார்கள். வாலில்தான் பெரும்பாலும் விலையும் ஓடர் கொடுக்கும் வழியும் இருக்கும். முதலில் போவது அவைதான்.

கெப்ஷன் என்றால் படத்துக்கோ வீடியோவுக்கோ துணையாக நாம் எழுதும் வாசகம். அதற்கு ஒவ்வொரு செயலியும் ஒரு உச்ச வரம்பு வைத்திருக்கிறது. இன்ஸ்டாகிராமில் 2,200 எழுத்து. லிங்க்ட்இன் பதிவில் 3,000. யூடியூப் ஷோர்ட்ஸ் தலைப்பில் 100. புதிதாக எழுதத் தொடங்குகிறவர்கள் இந்த எண்களைத் தேடிப் பிடித்து மனப்பாடம் செய்கிறார்கள். ஷோர்ட்ஸ் தலைப்பைத் தவிர மற்ற இரண்டும் நமக்கு அவ்வளவு தேவைப்படாது. நம்முடைய அறிவித்தல் எதுவும் 2,200-ஐத் தொடப்போவதில்லை.

தேவையானவை வேறு இரண்டு கேள்விகள். எழுத்து எந்த இடத்தில் மடிந்து "மேலும்" என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளிகிறது? கெப்ஷனைத் தவிர அந்தப் பதிவில் வேறு எது பேசுகிறது? நீளம் இந்த இரண்டிலிருந்தும் தானாக வந்துவிடும்.

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொண்டு கடைசி வரை போவோம். கொட்டாஞ்சேனையில் மா அரைத்து விற்கும் ஒரு கடை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் வறுத்த குரக்கன் புட்டு மாவைப் பக்கற்றில் கொண்டுவருகிறார்கள். அவர்கள் எழுதிய அறிவித்தல் இப்படித் தொடங்குகிறது:

> எமது பெருமதிப்பிற்குரிய வாடிக்கையாளர்கள் அனைவருக்கும் அன்பு வணக்கம்! உங்கள் நல்லாதரவுடன் வளர்ந்துவரும் எமது நிறுவனத்தின் மற்றுமொரு புதிய படைப்பாக…

கடைச் சுவரில் ஒட்டும் துண்டுக்கு இது பொருந்தும். திருமண மண்டபத்தில் ஒலிவாங்கியில் வாசித்தாலும் பொருந்தும். போனில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

முதலில் எண்ணுகிற முறை. நம் கண்ணுக்கு "புட்டு" மூன்று எழுத்து. கணினிக்கு அது ஆறு. ப ஒன்று, உகரக் குறி ஒன்று, ட ஒன்று, புள்ளி ஒன்று, மறுபடியும் ட ஒன்று, உகரக் குறி ஒன்று. சந்தேகம் இருந்தால் கூகுள் ஷீட்ஸிலோ எக்செலிலோ இதைப் போட்டுப் பாருங்கள்:

```
=LEN("புட்டு")
```

6 என்று வரும். மேலே உள்ள அறிவித்தலின் முதல் வாக்கியத்தை, அந்த வணக்கத்தை மட்டும், இப்படி எண்ணினால் 68 வருகிறது. இன்ஸ்டாகிராம் ஃபீட்டில் கெப்ஷன் மடியாமல் தெரிவது ஏறத்தாழ 125 எழுத்து. அதாவது பாதிக்கு மேல் வணக்கத்துக்கே போய்விட்டது. மீதியை "நல்லாதரவுடன் வளர்ந்துவரும் எமது நிறுவனத்தின்" தின்றுவிடும். குரக்கன் என்ற சொல் வெளியே தெரிவதற்கு முன்பே "மேலும்" வந்து நிற்கும்.

125 என்ற எண்ணையும் கல்லில் பொறித்ததாக எடுக்க வேண்டாம். போனின் அகலம், பார்ப்பவர் வைத்திருக்கும் எழுத்தின் அளவு இவற்றைப் பொறுத்து மடிப்பு முன்பின் நகரும். வயதானவர்கள் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பார்கள், அவர்களுக்கு இன்னும் சீக்கிரம் மடியும். தமிழில் இன்னொரு தொல்லையும் உண்டு. நம் சொற்கள் நீளமானவை. "பெருமதிப்பிற்குரிய" போன்ற ஒரு சொல் வரியின் கடைசியில் இடம் பற்றாமல் அப்படியே அடுத்த வரிக்குக் குதிக்கும். முதல் வரியில் பாதி வெறுமையாகக் கிடக்கும். ஆகவே முதல் வரியில் குட்டைச் சொற்களைப் போடுவது வெறும் நடை சார்ந்த விருப்பம் இல்லை, இடத்தைக் காப்பாற்றும் வேலை.

இதைச் சொன்னபோது கடைக்கார ஐயா ஒருவர் என்னிடம் கேட்டார்: "அதுக்காக வணக்கம் சொல்லாமல் எப்படித் தம்பி தொடங்குறது? மரியாதை இல்லையே." கேள்வி நியாயமானதுதான். ஆனால் கடைக்குள் வருகிறவரைத்தான் நாம் வணக்கம் சொல்லி வரவேற்கிறோம். ரீலைப் பார்ப்பவர் தெருவில் நடந்து போய்க்கொண்டிருக்கிறார், இன்னும் வாசல்படிக்கு வரவில்லை. அவருக்கு முதலில் தெரிய வேண்டியது உள்ளே என்ன விற்கிறது என்பது.

முதலில் மூலக் குறிப்பு

கெப்ஷன் எழுதத் தொடங்கும் முன் ஒரு சின்னக் குறிப்பு எழுதிக்கொள்ளுங்கள். இது யாருக்கும் காட்டுவதற்கு இல்லை. அலங்காரம் எதுவும் இல்லாமல், உண்மை விவரங்கள் மட்டும். நம் புட்டு மாவுக்கு அது இப்படி இருக்கும்:

> பொருள்: வறுத்த குரக்கன் புட்டு மா, 500 கிராம்.
> விலை: 480 ரூபா.
> ஏன் செய்தோம்: பச்சைக் குரக்கன் மாவில் புட்டு கட்டி பிடிக்கிறது என்று வாங்கியவர்கள் சொன்னார்கள்.
> எதுவும் கலந்ததா: இல்லை. கோதுமை மாவும் இல்லை, உப்பும் இல்லை.
> எங்கே, எப்போது: கொட்டாஞ்சேனைக் கடை, ஆகஸ்ட் 1 முதல்.
> வீட்டுக்கு: கொழும்பு 1 முதல் 15 வரை, 350 ரூபா.
> ஓடர்: வட்ஸ்அப்.
> மொத்தமாக வாங்குகிறவர்களுக்கு: குறைந்தது 20 பக்கற்.

மூன்று கெப்ஷனும் இந்தக் குறிப்பிலிருந்துதான் பிறக்க வேண்டும். ஒன்றை வெட்டி மற்றது வரக் கூடாது. ஒரு நீளமான பதிவை எழுதி அதைச் சுருக்கி ரீலுக்குப் போட்டால், நீளமானதன் சாயல் அப்படியே இருக்கும்: முன்னுரை இருக்கும், விலை இருக்காது. குறிப்பிலிருந்து எடுத்தால், இந்த இடத்துக்கு எந்த வரி வேண்டும், எது வேண்டாம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்க்கலாம்.

தேதியைக் குறிப்பிலேயே "ஆகஸ்ட் 1" என்று எழுதியிருப்பதைக் கவனியுங்கள். "நாளை முதல்", "வரும் வெள்ளி" என்று எழுதினால் ரீலில் வம்பு வரும். செயலி அந்த ரீலை மூன்று வாரம் கழித்து முன்பின் தெரியாத ஒருவருக்குக் காட்டும். அவருடைய நாளை வேறு.

குறும் வீடியோ

ரீலில், டிக்டொக்கில், ஷோர்ட்ஸில் திரை முழுவதையும் வீடியோ பிடித்துக்கொள்கிறது. கெப்ஷன் கீழே, கணக்கின் பெயருக்கு அடியில், வீடியோவின் மேலேயே ஏறி உட்கார்ந்திருக்கிறது. வலது பக்கத்தை லைக், கொமெண்ட் பொத்தான்கள் எடுத்துக்கொள்கின்றன. மிஞ்சுவது ஒரு வரி, தமிழில் நான்கைந்து சொல். அவ்வளவுதான் தட்டாமல் தெரியும்.

அந்த நான்கைந்து சொல்லில் என்ன எழுதுவது? "இந்த ரகசியம் உங்களுக்குத் தெரியுமா?" என்று எழுதச் சொல்லிப் பலர் சொல்லித்தருகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆளை நிறுத்துகிற வேலையை வீடியோவின் முதல் இரண்டு மூன்று விநாடிகள் செய்கின்றன. நம் வீடியோவில் ஒரு கை கருஞ்சிவப்பு மாவைப் பிசறுகிறது, அது மணல் போல உதிர்கிறது, நீத்துப்பெட்டியிலிருந்து ஆவி பறக்கப் புட்டு தட்டில் விழுகிறது. பார்ப்பவர் ஏற்கனவே நின்றுவிட்டார். அவர் மனதில் ஓடும் கேள்வி "இது என்ன மா?" என்பதுதான். கண் கீழே இறங்குகிறது. அங்கே பதில் இருக்க வேண்டும். இன்னொரு புதிர் இருந்தால் அவர் அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவார்.

> வறுத்த குரக்கன் புட்டு மா
> 500 கிராம், 480 ரூபா.
> ஆகஸ்ட் 1 முதல் கொட்டாஞ்சேனைக் கடையில். கொழும்பு 1 முதல் 15 வரை வீட்டுக்கும் வரும், கட்டணம் 350 ரூபா.
> ஓடர்: எங்கள் பக்கத்தின் மேலே உள்ள வட்ஸ்அப் லிங்க்.
> #குரக்கன்புட்டு #kurakkanputtu #kurakkan

முதல் வரி கணினிக் கணக்கில் 25 எழுத்து. மடிப்புக்கு மேலே தங்கிவிடும். எப்படி அவிப்பது, ஏன் வறுத்தோம் என்பது பற்றி ஒரு சொல்லும் இல்லை, ஏனென்றால் அதை வீடியோ காட்டுகிறது. வீடியோவால் சொல்ல முடியாதவை விலை, இடம், ஓடர். அவை மட்டும் இங்கே இருக்கின்றன.

விலையை வீடியோவுக்குள் பெரிய எழுத்தில் போட்டுவிடலாமே என்று தோன்றும். போட வேண்டாம். ஏற்றிய வீடியோவின் உள்ளே எழுதியதை மாற்ற முடியாது. இன்ஸ்டாகிராமில் கெப்ஷனைத் திருத்தலாம். நம் ஊரில் விலை எத்தனை நாளைக்கு நிற்கும் என்பது உங்களுக்குத் தெரியாததா? பழைய விலையோடு ஒரு வீடியோ சுற்றிக்கொண்டே இருந்தால், கடையில் காசு கொடுக்கும் இடத்தில் வாக்குவாதம்தான் மிஞ்சும். வீடியோவுக்குள் போடும் எழுத்து எதுவானாலும் திரையின் கீழ்ப் பகுதியில் வைக்காதீர்கள். கெப்ஷன் அதன் மேல் ஏறிவிடும், இரண்டையும் வாசிக்க முடியாது.

லிங்க் பற்றியும் ஒரு வார்த்தை. இன்ஸ்டாகிராம் கெப்ஷனுக்குள் ஒட்டும் லிங்க் தட்டினால் திறக்காது. நீளமான ஒரு முகவரியை அங்கே ஒட்டிவைப்பது வெறும் குப்பை. பக்கத்தின் மேலே லிங்க் இருக்கிறது என்று சொன்னால் போதும்.

கடைசி வரியில் ஆங்கில எழுத்தில் "kurakkan" இருப்பதற்குக் காரணம் உண்டு. கொழும்பில் தமிழ் பேசுகிற, சிங்களம் பேசுகிற இரு பக்கத்தாரும் தேடும் பெட்டியில் பெரும்பாலும் இப்படித்தான் தட்டுகிறார்கள். மாவின் பெயரும் இரண்டு மொழியிலும் அதேதான். நமக்கு அதிர்ஷ்டம்.

ஷோர்ட்ஸுக்கு இதே வீடியோவை ஏற்றினால் தலைப்புதான் கெப்ஷன் போல வேலை செய்யும். விளக்கப் பகுதியை யாரும் திறந்து பார்ப்பதில்லை. "வறுத்த குரக்கன் புட்டு மா: கட்டி பிடிக்காமல் புட்டு அவிக்கும் முறை" என்று வைக்கலாம். 66 எழுத்து, 100-க்குள் அடங்குகிறது. யூடியூபில் ஆட்கள் முறையைத் தேடி வருகிறார்கள் என்பதால் "முறை" என்ற சொல்லைச் சேர்த்திருக்கிறேன்.

கரூசல்

ஒரே பதிவில் பல படங்கள், விரலால் தள்ளித் தள்ளிப் பார்ப்பது. இதைத்தான் கரூசல் என்கிறோம். இன்ஸ்டாகிராமில் இப்போது 20 படம் வரை போடலாம், புட்டு மாவுக்கு ஐந்து போதும். முதல் படத்தில் "குரக்கன் புட்டு ஏன் கட்டி பிடிக்கிறது?" என்ற கேள்வி. இரண்டாவதில் பச்சை மாவும் வறுத்த மாவும் பக்கத்தில் பக்கத்தில், தண்ணீர் தெளித்தபின் எப்படி இருக்கின்றன என்ற ஒப்பீடு. மூன்றிலும் நான்கிலும் அளவும் முறையும். ஐந்தாவதில் பக்கற். விலை இங்கேயும் படத்தில் இல்லை, காரணம் முன்பு சொன்னதுதான்.

இரண்டாவது படத்தைக் கொஞ்சம் கவனமாகச் செய்யுங்கள். முதல் படத்தைப் பார்த்துவிட்டுத் தள்ளாமல் போனவருக்கு, இன்ஸ்டாகிராம் சில வேளை அதே பதிவை மறுபடி இரண்டாவது படத்திலிருந்து காட்டும். அவர் முதல் படத்தின் கேள்வியை மறந்திருப்பார். ஆகவே அது தனியாகப் பார்த்தாலும் புரிய வேண்டும். "அதற்குக் காரணம் இதுதான்" என்று இரண்டாவது படத்தில் எழுதினால், எதற்கு என்ற கேள்வி வரும். "பச்சை மா, வறுத்த மா: தண்ணீர் பட்டதும்" என்று எழுதினால் புரிந்துவிடும்.

இங்கே விளக்குகிற வேலையைப் படங்கள் செய்கின்றன. கெப்ஷன் அதையே மறுபடி எழுதினால், வாசித்தவர் இரண்டு தரம் வாசித்த மாதிரி. அப்போ கெப்ஷனுக்கு என்ன மிச்சம்? இரண்டு வேலை. மடிப்புக்கு மேலே, தள்ளிப் பார்க்க ஒரு காரணம். மடிப்புக்குக் கீழே, படங்களைப் பார்த்து முடித்தவர் கேட்கப்போகும் கேள்விகளுக்குப் பதில்.

> பச்சை மாவில் அவித்தால் குரக்கன் புட்டு கட்டி பிடிக்கும். வறுத்த மாவில் உதிரும். அளவும் முறையும் படங்களில்.
>
> உப்புச் சேர்க்கவில்லை, உங்கள் ருசிக்குப் போட்டுக்கொள்ளலாம். கோதுமை மா கலக்கவில்லை. நீத்துப்பெட்டியிலும் அவிக்கலாம், குழலிலும் அவிக்கலாம். திறந்தபின் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.
>
> 500 கிராம் 480 ரூபா. ஆகஸ்ட் 1 முதல் கொட்டாஞ்சேனைக் கடையில். கொழும்பு 1 முதல் 15 வரை வீட்டுக்கு, 350 ரூபா. ஓடருக்கு எங்கள் பக்கத்தின் மேலே உள்ள லிங்க்.

முதல் பத்தி 106 எழுத்து. மூன்று குட்டி வாக்கியம், நடுவில் மடிந்தாலும் ஒரு வாக்கியமாவது முழுதாக மிஞ்சும். இரண்டாம் பத்தியில் உள்ளவை நானாக யோசித்து எழுதியவை இல்லை. இப்படிப்பட்ட பதிவுகளின் கொமெண்டில் ஆட்கள் கேட்பவை இவைதான்: உப்பு இருக்கா, கோதுமை கலந்ததா, குழலில் வருமா, திறந்தபின் எதில் வைப்பது. உங்கள் பொருளுக்கு என்ன கேட்பார்கள் என்று தெரியாவிட்டால், கடையில் நிற்கும் பிள்ளையிடம் கேளுங்கள். அந்தப் பிள்ளை ஒவ்வொரு நாளும் அதே நாலு கேள்விக்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்.

முறையை ஏன் கெப்ஷனில் எழுதாமல் படத்தில் வைத்தோம் என்றால், அளவு வேண்டியவர்கள் பதிவைச் சேமித்து வைத்து, சமைக்கும்போது அடுப்படியில் திறப்பார்கள். ஈரக் கையோடு "மேலும்" என்பதைத் தட்டித் தேடுவதைவிட, ஒரு படத்தில் பெரிய எழுத்தில் "மா 2 கோப்பை, தேங்காய்ப்பூ 1 கோப்பை" என்று இருப்பது வசதி.

லிங்க்ட்இன்

இங்கே ஆளே வேறு. அதே மனிதர்தான் இரவில் ரீல் பார்க்கிறார், ஆனால் காலையில் லிங்க்ட்இன்னைத் திறக்கும்போது அவர் ஒரு சுப்பர் மார்க்கெட்டுக்குப் பொருள் வாங்கும் அதிகாரி, ஒரு அலுவலகக் கன்ரீனைப் பார்ப்பவர், பக்கற் அச்சிடுகிறவர், அல்லது உங்களைப் போலவே சின்ன வியாபாரம் நடத்துகிறவர். அவருக்கு ஒரு பக்கற் விற்பது நம் நோக்கம் இல்லை. இருபது பக்கற் எடுக்கக்கூடியவரைக் கண்டுபிடிப்பதுதான் நோக்கம். அதனால் குறிப்பிலிருந்து எடுக்கும் வரிகளும் மாறுகின்றன: "ஏன் செய்தோம்" மேலே வருகிறது, "மொத்தமாக" என்ற வரி முதன்முறையாக வெளியே வருகிறது, வீட்டுக்குக் கொண்டுவரும் கட்டணம் தேவையில்லாமல் போகிறது.

இங்கே ஒரு படம்கூட இல்லாமல் எழுத்தே நின்று பேசலாம். ஆனால் மடிப்பு இங்கேயும் உண்டு. ஏறத்தாழ மூன்று வரி தெரியும், போனில் அதைவிடக் குறைவு. முதல் இரண்டு வாக்கியம் அதற்குள் ஒரு முழு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும்.

> எங்கள் கடையில் குரக்கன் மா வாங்குகிறவர்கள் ரொட்டி சுடுகிறார்கள். புட்டு அவிப்பதில்லை. ஏன் என்று கேட்டோம்.
>
> பலரும் சொன்னது ஒன்றுதான்: தண்ணீர் பட்டதும் மா கட்டி பிடிக்கிறது. ஆகவே மாவை மெல்லிய சூட்டில் வறுத்து, அரித்து, புட்டுக்கென்றே தனிப் பக்கற்றாகக் கொண்டுவருகிறோம். 500 கிராம் 480 ரூபா. ஆகஸ்ட் 1 முதல் கொட்டாஞ்சேனையில் கிடைக்கும்.
>
> எங்களைப் படுத்தியது வறுக்கும் சூடு. கொஞ்சம் கூடினாலும் கசப்பு வந்துவிடும். ஒரு தடவையில் வறுக்கும் அளவைக் குறைத்த பிறகுதான் எல்லாப் பக்கற்றும் ஒரே சுவைக்கு வந்தது.
>
> இப்போது கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைப் பகுதிகளில் இதை விற்கக்கூடிய கடைகளையும், காலை உணவு கொடுக்கும் அலுவலகக் கன்ரீன்களையும் தேடுகிறோம். குறைந்தது 20 பக்கற். மாதிரி வேண்டுமானால் எனக்கு மெசேஜ் அனுப்புங்கள்.

முதல் பத்தி 105 எழுத்து. "பெருமையுடன் அறிமுகப்படுத்துகிறோம்" என்று தொடங்கும் நூறு பதிவுகளுக்கு நடுவே இப்படி ஒன்று வந்தால், கடை நடத்துகிறவர் யாரும் காரணத்தைத் தெரிந்துகொள்ளத் தட்டிப் பார்ப்பார். புதிரை ரீலில் வேண்டாம் என்று சொல்லிவிட்டு இங்கே நானே போடுகிறேனே என்று கேட்கலாம். ரீலில் ஆளைப் பிடித்து நிறுத்த வீடியோ இருந்தது. இங்கே இந்த இரண்டு வரியைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. பதிலும் மடிப்புக்கு அடுத்த வரியிலேயே வந்துவிடுகிறது, வாசிக்கிறவரை இழுத்தடிக்கவில்லை.

கசப்பு பற்றிய பத்தியை வெட்டச் சொல்லுவார்கள். வெட்டாதீர்கள். இந்தக் கெப்ஷனில் அதிக வேலை செய்வது அதுதான். பொருள் வாங்குகிற அதிகாரி கவலைப்படுவது, முதல் பெட்டியும் பத்தாவது பெட்டியும் ஒரே மாதிரி இருக்குமா என்பதைப் பற்றி. அதற்கு நேரடியாகப் பதில் சொல்லுகிறது அந்தப் பத்தி. "உயர்ந்த தரம்" என்று எழுதியிருந்தால் அவர் கண் அதைத் தாண்டிப் போயிருக்கும். இதே பத்தியை ரீலுக்குக் கீழே போட்டால் பயனில்லை. மாலையில் புட்டுக்கு மா தேடுகிறவருக்கு உங்கள் வறுக்கும் சூடு பற்றி அக்கறை இல்லை.

கடைப் பக்கத்திலிருந்து போடுவதைவிட, கடை நடத்துகிறவரின் சொந்தக் கணக்கிலிருந்து போடுவது நல்லது. "எனக்கு மெசேஜ் அனுப்புங்கள்" என்ற வரிக்கு அப்போதுதான் ஒரு முகம் இருக்கும். கரூசல் படங்களை வீணாக்க வேண்டாம் என்றால், அவற்றை ஒரு பிடிஎஃப் ஆக்கி இந்தப் பதிவோடு ஏற்றலாம், லிங்க்ட்இன் அதைத் தள்ளிப் பார்க்கும் பக்கங்களாகக் காட்டும். கொழும்பில் லிங்க்ட்இன் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் ஓடுகிறது என்பது உண்மை. ஆங்கிலத்தில் எழுதினாலும் இதே ஒழுங்குதான்: காரணம், பொருள், பட்ட பாடு, கேட்பது.

மூன்று மொழியும் ஒரே கெப்ஷனில்?

பக்கற்றின் மேல் மூன்று மொழியிலும் எழுதிப் பழகிய நாடு இது. அதே பழக்கத்தில் கெப்ஷனையும் தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்று அடுக்கிவிடுகிறார்கள். பக்கற்றில் மூன்றும் ஒரே நேரத்தில் கண்ணில் படும். கெப்ஷனில் முதலாவது மட்டும்தான் மடிப்புக்கு மேலே இருக்கும், மற்ற இரண்டும் இருப்பதே தெரியாது. சிங்களத்தில் வாசிக்கும் வெள்ளவத்தை வாடிக்கையாளர் முதல் வரியைப் பார்த்து, இது தனக்கு இல்லை என்று நினைத்துத் தள்ளிவிடுவார்.

ரீலுக்கு இதற்கு ஒரு வழி, முதல் வரியில் பொருளின் பெயரை மட்டும் தமிழ் எழுத்திலும் ஆங்கில எழுத்திலும் வைப்பது: "குரக்கன் புட்டு மா / Kurakkan". விளக்கம் கீழே ஒரே மொழியில். கரூசலுக்கு இது எடுபடாது, அங்கே படங்களுக்குள்ளும் மொழி இருக்கிறது. அதை மொழிக்கு ஒன்றாகத் தனித்தனிப் பதிவாகப் போடுவதே மேல். வேலை கூடும்தான், என்ன செய்வது.

சுருக்கும்போது பொய்யாகிவிடுவது

நீளத்தைக் குறைக்கும்போது சொற்கள் மட்டும் போகின்றன என்று நினைக்கிறோம். சில வேளை நிபந்தனையும் சேர்ந்து போய்விடுகிறது. குரக்கன் என்றாலே வாடிக்கையாளர்கள் நீரிழிவைப் பற்றிக் கேட்பார்கள். நீளமான அறிவித்தலில் "நீரிழிவு உள்ளவர்கள் வைத்தியரின் ஆலோசனையோடு உணவில் சேர்த்துக்கொள்ளலாம்" என்று ஒரு வரி இருக்கிறது என்று வையுங்கள். கரூசலுக்குச் சுருக்கும்போது அது "நீரிழிவு உள்ளவர்களுக்கு ஏற்றது" ஆகிறது. ரீலுக்கு வரும்போது "நீரிழிவுக்கு மருந்து!" ஆகிவிடுகிறது. ஒவ்வொரு படியிலும் ஒரு சொல்தான் குறைந்தது போலத் தெரியும். கடைசியில் இருப்பது உண்மையும் இல்லை, சட்டத்துக்கும் ஒத்துவராது. நம் நாட்டில் 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டம் உணவுப் பொருளை மக்கள் தவறாக விளங்கிக்கொள்ளும்படி விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. கெப்ஷனும் விளம்பரம்தான்.

ஒரு நிபந்தனைக்கு இடம் இல்லை என்றால், அது ஒட்டியிருக்கும் கூற்றையும் சேர்த்து எடுத்துவிடுங்கள். நிபந்தனையை மட்டும் எடுத்துக் கூற்றை விட்டுவைக்காதீர்கள். மேலே உள்ள மூன்று கெப்ஷனிலும் நோய் பற்றி எதுவும் இல்லாததற்கு இதுதான் காரணம். வீட்டுக்குக் கொண்டுவருவதும் அப்படித்தான். "கொழும்பு 1 முதல் 15 வரை" என்பதை வெட்டி "வீட்டுக்கே வரும்" என்று மட்டும் விட்டால், தெஹிவளையிலிருந்தும் வத்தளையிலிருந்தும் ஓடர் வரும். இரண்டுமே கொழும்பு 1 முதல் 15 வரையான பகுதிக்கு வெளியே.

சரியாக வந்ததா என்று பார்ப்பது

பதிவு போன பிறகு உங்கள் போனில் மட்டும் பார்க்காதீர்கள். வீட்டில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கும் ஒருவரின் போனை வாங்கிப் பாருங்கள். பொருளின் பெயர் அங்கேயும் மடிப்புக்கு மேலே தெரிந்தால் சரி.

அப்புறம் கொமெண்டுகளைப் பாருங்கள், லைக் எண்ணிக்கையை விட அவைதான் கெப்ஷனைப் பற்றிச் சொல்லும். ரீலில் "விலை?" என்று வரிசையாக வந்தால் விலை ஆழத்தில் புதைந்திருக்கிறது, இரண்டாவது வரிக்கு ஏற்றுங்கள். "இது என்ன?" என்று வந்தால் முதல் வரியே தவறு. கரூசலில் யாரும் ஒன்றும் கேட்காமல் பலர் சேமித்திருந்தால் நல்ல அறிகுறி. லிங்க்ட்இன்னில் நண்பர்களின் "வாழ்த்துகள்" மட்டும் வந்து ஒரு மெசேஜும் வராவிட்டால், கடைசிப் பத்தியில் நீங்கள் என்ன தேடுகிறீர்கள் என்பது தெளிவாக இல்லை என்று பொருள்.

பிறகு ஒரு நாள் விலை 520 ஆகும். முதலில் மூலக் குறிப்பில் மாற்றுங்கள். அதன்பின் ரீலின் கெப்ஷன், கரூசலின் கெப்ஷன், லிங்க்ட்இன் பதிவு என்று வரிசையாகத் திருத்துங்கள். ஷோர்ட்ஸ் தலைப்பில் விலை இல்லை, அதைத் தொட வேண்டாம். வீடியோவிலும் படங்களிலும் விலை இல்லாததால் அவற்றைத் திரும்ப ஏற்றத் தேவையில்லை.